ரெண்டு ஃபேஸில் எரிந்த மோட்டார்: வாரண்டி கிடையாது என்று சொன்ன ஒரு வழக்கு

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. ஆறு அங்குல போரில் 420 அடிக்கு இறக்கியிருந்த 5 எச்.பி. த்ரீ ஃபேஸ் சப்மெர்சிபிள் ஏழாவது மாதத்தில் எரிந்துபோனது. வாரண்டி ஒரு வருஷம். தோப்புக்காரர் வண்டி வைத்து மோட்டாரைத் தூக்கி, வாங்கின கடையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு "புதுசு குடுங்க" என்று கேட்டார். கடைக்காரர் அதை கோயம்புத்தூரில் எங்கள் கம்பெனி சர்வீஸ் பிரிவுக்கு அனுப்பினார். கூடவே வந்த சீட்டில் ஒரே வரி: "மோட்டார் காயில் ஃபால்ட், ரீப்ளேஸ் செய்யவும்."

எரிந்த மோட்டார் எதுவாக இருந்தாலும் கடைக்காரர்கள் எழுதி அனுப்புவது இந்த வரியைத்தான், அதனால் அதற்கு யாரும் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. கோடையில் இப்படி வருகிற மோட்டார்களில் சிலவற்றுக்கு நாங்கள் பதில் பேசாமல் காசு கொடுக்கிறோம், சிலவற்றுக்கு இல்லை என்கிறோம். இந்த ஒன்றை முழுசாக எழுதுவதற்குக் காரணம், ஆதாரம் இவ்வளவு தெளிவாக இருந்தும் இல்லை என்று சொல்வது சுலபமாக இல்லாமல் போனதுதான். நடுவில் கடைக்காரரின் ஃபிட்டர் ஒருவரும் வந்து சேர்ந்தார். அது பின்னால்.

பிரிப்பதற்கு முன்னால்

வாரண்டி கேட்டு வந்த மோட்டாரை ஆள் இல்லாமல் பிரிக்கக் கூடாது. வாடிக்கையாளரைக் கூப்பிட வேண்டும். அவர் வர முடியாது என்றால் அவர் சொல்கிற ஒருவரோ, கடைக்காரரோ நிற்க வேண்டும். பிரித்த பிறகு "உள்ளே இப்படி இருந்தது" என்று நாம் எதைச் சொன்னாலும், பிரிக்கும்போது இல்லாதவருக்கு அது நாம் கட்டின கதைதான். தோப்புக்காரருக்கு போன் போட்டேன். முதலில் வர மாட்டேன் என்றார்.

"நான் எதுக்குங்க தம்பி வரோணும்? ஒரு வருசம் வாரண்டின்னு சொல்லித்தானுங்க வித்தீங்க. ஏழு மாசத்துல போயிருச்சு. இதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது?"

"இருக்குதுங்க ஐயா. எங்க பக்கம் தப்பு இருந்தா அதை நீங்க கண்ணால பாக்கோணும். உங்க பக்கம் ஏதாச்சும் இருந்தாலும் நீங்களே பாத்தா நல்லதுங்க" என்றேன். கடைசியில் தன் அக்கா மகனை அனுப்பினார். பையன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவன், அது எனக்குப் பெரிய வசதியாகப் போயிற்று.

முதலில் நேம் பிளேட்டில் இருக்கும் நம்பரையும் வாரண்டி கார்டில் இருக்கும் நம்பரையும் ஒத்துப் பார்த்தோம். பார்த்தால் சாதாரண வேலை, ஆனால் வேறு மோட்டாரின் கார்டோடு வருவதும் உண்டு. அப்புறம் மேலே உள்ள போல்ட்டுகளில் நாங்கள் அடித்து அனுப்பும் பெயின்ட் அடையாளம் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. அதாவது இடையில் எந்த ஒர்க் ஷாப்பிலும் திறக்கவில்லை. இது அவருக்குச் சாதகமான விஷயம், அதையும் தாளில் எழுதிக்கொண்டோம். ஒருவருக்குப் பாதகமானதை மட்டும் எழுதுகிற அறிக்கையைப் படிக்கிற எவரும் நம்ப மாட்டார்கள்.

வயர் மூன்றையும் பாடியோடு வைத்து மெகர் போட்டதில் பூஜ்யம் காட்டியது. காயில் போய்விட்டது என்பது இதிலேயே உறுதி. ஆனால் மெகர் எரிந்ததைச் சொல்லுமே ஒழிய ஏன் எரிந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு காயில் சுற்றியிருக்கும் ஸ்டேட்டரைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

ஸ்டேட்டர் சொன்னது

இந்த வகை மோட்டாருக்குள் தண்ணீர் நிரப்பியிருக்கும், காயில் அந்தத் தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கும். கம்பி செம்பு, அதன்மேல் பிளாஸ்டிக் உறை. சாதாரண மோட்டாரில் வருகிற வார்னிஷ் பூசின கம்பி அளவுக்கு இந்த உறை சூடு தாங்காது. சுற்றியிருக்கும் தண்ணீர் குளிர வைத்துக்கொண்டே இருப்பதால்தான் ஓடுகிறது. அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் உறை இளகி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, கருகிப் போகும். பிளக்கைத் திறந்து வடித்தபோது தண்ணீர் கருப்பாக வந்தது, பிளாஸ்டிக் கருகிய வாடை பட்டறை முழுக்க.

முதலில் பம்ப் பகுதியைப் பார்த்தோம். இம்பெல்லர்கள் உருகவில்லை, மண் அரித்த தடமும் இல்லை, ஷாஃப்ட் கையால் சுற்றினால் லகுவாகச் சுற்றியது. அடியில் இருக்கும் த்ரஸ்ட் பேரிங்கின் கார்பன் முகம் கிட்டத்தட்ட புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. போரில் தண்ணீர் இறங்கி வெறும் ஓட்டம் ஓடியிருந்தால் பிளாஸ்டிக் இம்பெல்லர் முதலில் உருகியிருக்கும், புஷ் தேய்ந்து ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருக்கும். மண் அடைத்து இறுகியிருந்தால் ஷாஃப்ட் சுற்றாது. ரெண்டும் இல்லை. ஆக, காரணம் கரண்ட் வந்த வழியில் இருக்கிறது, அல்லது எங்கள் காயிலில் இருக்கிறது.

இந்த ரெண்டையும் பிரித்துப் பார்க்க எரிந்த விதமே போதும். ஸ்டேட்டரை நிறுத்தி வைத்து மேல் வாயிலிருந்து பார்த்தால் 24 பள்ளம் தெரியும், ஒரு ஃபேஸுக்கு எட்டு. அந்த எட்டும் நான்கு நான்காக எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். எங்கள் ஒயின்டிங்கில் குறை இருந்தால், அதாவது சுற்றும்போது உறை கிழிந்திருந்தாலோ, ஜாயின்ட் சரியாக மூடாமல் தண்ணீர் புகுந்திருந்தாலோ, ஒரே ஓர் இடத்தில் பொத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் செம்பு உருகி மணியாகத் திரண்டிருக்கும், மற்ற காயில்கள் நிறம் மாறாமல் இருக்கும். அப்படி இருந்தால் நாங்கள் பேச்சே இல்லாமல் புதுசு கொடுத்துவிடுவோம். வோல்ட்டேஜ் குறைவாலோ பம்ப் இறுகியதாலோ அதிகமாக இழுத்திருந்தால் மூன்று ஃபேஸும் சமமாகக் கருகும். மூன்றாவது வகைதான் இது: பையனை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு எண்ண ஆரம்பித்தோம். எட்டுப் பள்ளம் கருப்பு, அடுத்த நாலு சுத்தம், மறுபடி எட்டு கருப்பு, மறுபடி நாலு சுத்தம். சுத்தமாக இருந்த எட்டுப் பள்ளத்தில் உறையின் நிறம்கூட மாறவில்லை.

"ஒரு ஃபேஸ் வரவே இல்லீங்களா?" என்று பையனே கேட்டான்.

அதேதான். இந்த மோட்டார் உள்ளே ஸ்டாரில் இணைத்தது. ஒரு ஃபேஸ் போய்விட்டால் மீதி ரெண்டு ஃபேஸின் காயிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து மொத்தச் சுமையையும் இழுக்கும். கணக்குப்படி கரண்ட் ஏறத்தாழ 1.73 மடங்கு ஏறும். இந்த மோட்டாரின் நேம் பிளேட்டில் 9 ஆம்பியர், அதனால் 15-ஐத் தாண்டியிருக்கும். ரெண்டு ஃபேஸ் கருகும், மூன்றாவது புதுசு மாதிரி இருக்கும். உள்ளே டெல்டாவாக இருந்திருந்தால் இதுவே தலைகீழ், ஒரு ஃபேஸ் கருகி ரெண்டு தப்பித்திருக்கும். அதனால் எந்த இணைப்பு என்று தெரியாமல் காயிலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சில ஒயின்டிங் கடைகளில் இந்தத் தப்பு நடக்கிறது.

ஆனால் அது மட்டும் போதுமா

போதாது. ஒரு ஃபேஸ் போனது யார் தப்பு? ட்ரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போனாலும் ஒரு ஃபேஸ் வராது. அதற்குத் தோப்புக்காரர் என்ன செய்வார்? "சிங்கிள் ஃபேஸிங், வாரண்டி இல்லை" என்று இந்த இடத்திலேயே முத்திரை குத்தி அனுப்புகிற கம்பெனிகள் இருக்கின்றன. கார்டில் அப்படி அச்சடித்திருப்பதும் உண்மைதான். ஆனால் எரிந்த காயில் காட்டுவது நடந்ததை மட்டும். தப்பான உபயோகம் என்று சொல்ல வேண்டுமானால் அதைத் தடுத்திருக்க வேண்டிய பொருள் எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டும். அது இருப்பது ஸ்டார்ட்டர் பெட்டியில். அதனால் எங்கள் ஆள் ஒருவரைத் தோப்புக்கு அனுப்பினோம்.

ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும் மூன்று விஷயம் கண்ணில் பட்டது. ஒரு மூலையில் ரெண்டு கண்டன்சர், அதில் ஒன்று உப்பிப்போய் மூடி பிதுங்கியிருந்தது. அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயின் திருகு 9-லிருந்து 14 ஆம்பியர் வரை போகும் வகை, அது கடைசி 14-இல் நின்றது. ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவதற்கென்றே இருக்கும் பிரிவென்டரின் ரெண்டு முனையையும் ஒரு விரல் நீளத் துண்டு வயரால் நேராகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். பிரிவென்டர் இருக்கிறது, அதன் விளக்கும் எரிகிறது, வேலை மட்டும் செய்யாது.

தமிழ்நாட்டுத் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று ஃபேஸும் வராத நேரத்தில், வருகிற ரெண்டு ஃபேஸை வைத்துக் கண்டன்சர் மூலமாக மூன்றாவதை உண்டாக்கி மோட்டாரை ஓட்டுவது ஊருக்கு ஊர் நடக்கிறது. பிரிவென்டர் உயிரோடு இருந்தால் அப்படி ஓட விடாது, அதனால் அதை முதலில் சாகடிப்பார்கள். கரண்ட் சமமில்லாமல் இழுப்பதால் ரிலே அடிக்கடி விழும், அதனால் திருகை ஏற்றிவிடுவார்கள். கண்டன்சர் புதுசாக இருக்கும்வரை மோட்டார் முனகிக்கொண்டாவது ஓடும். அது உப்பி வலுவிழந்த அன்று மூன்றாவது ஃபேஸ் பெயருக்குத்தான் இருக்கும், மோட்டார் முழுச் சுமையோடு ரெண்டு ஃபேஸில் ஓடும். எங்கள் ஆள் மீட்டர் வைத்துப் பார்த்ததில், உப்பின கண்டன்சரில் மேலே எழுதியிருந்த அளவில் பாதிகூட இல்லை.

14-இல் வைத்த ரிலே 15 சொச்சம் ஆம்பியருக்கு ஏன் விழவில்லை என்று பையன் கேட்டான், நல்ல கேள்வி. தெர்மல் ரிலே வைத்த அளவைக் கொஞ்சம் தாண்டினால் உடனே விழாது, சூடேறி விழ வெகுநேரம் எடுக்கும். அந்த நேரம் காயில் சாகப் போதும். திருகு 9-இல் இருந்திருந்தால் ஒன்றரை மடங்குக்கு மேல், சில நிமிடத்திலேயே நிறுத்தியிருக்கும்.

இங்கே ஒன்றில் ஜாக்கிரதையாக இருந்தோம். மோட்டார் எரிந்தது கண்டன்சரில் ஓடின ராத்திரியா, மூன்று ஃபேஸ் இருந்த பகலில் ஃபியூஸ் போயா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. எங்கள் ஆள் முதலில் எழுதின அறிக்கையில் "இரவில் இரண்டு ஃபேஸில் ஓட்டியதால் எரிந்தது" என்றிருந்தது, அந்த வரியை நான் அடித்துவிட்டேன். நமக்குத் தேவையும் இல்லை. பகலோ இரவோ, பிரிவென்டரை அப்படியே விட்டு ரிலேயை 9-இல் வைத்திருந்தால் மோட்டார் நின்றிருக்கும். மறுப்பு நிற்பது அந்தத் துண்டு வயரின்மேலும் திருகின்மேலும்தான். ரெண்டுக்கும் படம் இருக்கிறது, பையனும் தோப்பில் கூடவே நின்று பார்த்திருக்கிறான். ஊகத்தை எழுதினால் அந்த ஒரு ஊகத்தை உடைத்தாலே மொத்த அறிக்கையும் விழுந்துவிடும்.

ஃபிட்டர் விஷயம்

தோப்புக்காரப் பெரியவருக்கு போன் செய்து பார்த்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கண்டன்சரை நானுங்களா மாட்டினேன்? மோட்டார் எறக்க வந்த கடை ஆளுதானுங்க மாட்டிக் குடுத்தான். காசும் வாங்கிட்டுத்தானுங்க போனான். இப்ப தப்புன்னா அவனைக் கேளுங்க" என்றார்.

கடைக்காரரிடம் கேட்டால், "சார், அது அவன் தனியா பண்ணின வேலை, நம்ம பில்லுல இல்லை" என்றார். ரெண்டு பேர் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். பில்லில் மோட்டார், பைப், கேபிள், இறக்குகூலி மட்டுமே இருந்தது.

இது எங்கள் முடிவை மாற்றுமா என்று அலுவலகத்தில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. கண்டன்சர் மாட்டினவர் எங்கள் ஆள் இல்லை, அதற்கு எங்களிடம் யாரும் கேட்கவில்லை, வாரண்டி கார்டின் முன்பக்கத்திலேயே ரெண்டு ஃபேஸில் ஓட்டக் கூடாது என்று தமிழில் இருக்கிறது, அதற்குக் கீழே பெரியவர் கையெழுத்தும் இருக்கிறது. ஆக, உற்பத்திக் குறைக்குத் தருகிற வாரண்டியில் இது வராது. அதே நேரம் ஒரு விவசாயி எங்கள் போர்டு தொங்குகிற கடையில் வாங்குகிறார், அந்தக் கடை ஆள் வந்து மாட்டுகிறான், அவர் கண்ணுக்கு அவன் கம்பெனி ஆள்தான். இவரிடம் போய் "நீங்கள் தவறாகப் பயன்படுத்திவிட்டீர்கள்" என்று எழுதுவது அநியாயம் என்று எனக்குப் பட்டது. மறுப்பது சரி, ஆனால் தப்பு அவருடையது என்ற தொனி இருக்கக் கூடாது, சலுகையும் வழக்கமாகத் தருகிற 10 சதவீதத்தோடு நிற்கக் கூடாது. கடைக்காரரிடமும் சொன்னேன்: மோட்டாரைத் தூக்கி இறக்குகிற கூலியை நீங்கள் ஏற்க வேண்டும். 420 அடிக்குத் தூக்க ஒரு தடவை, இறக்க ஒரு தடவை, வண்டிக்கு 6,000 ரூபாய். முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

கணக்கு

காயில் போனதே தவிர ரோட்டர், பேரிங், சீல், பம்ப் பகுதி எல்லாம் நன்றாக இருந்தது. அதனால் முழு செட்டை மாற்றச் சொல்லத் தேவையே இல்லை. ரெண்டு வழி இருந்தது.

முதல் வழி, எங்கள் பட்டறையிலேயே காயில் புதுசாகச் சுற்றித் தருவது. செம்புக் கம்பி, கூலி, சீல் கிட், டெஸ்டிங் எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய். சுற்றின காயிலுக்கு ஆறு மாத உத்தரவாதம். ரெண்டாவது வழி, புது மோட்டார், பழைய பம்பை அதன்மேலேயே பொருத்திக்கொள்வது. மோட்டார் மட்டும் விலை 24,000 ரூபாய், அதில் 20 சதவீதம் கழித்து 19,200. இதற்குப் புதுசாக ஒரு வருஷ வாரண்டி ஓடும், எரிந்த மோட்டாரை நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

தள்ளுபடியை எவ்வளவு வைப்பது என்பதில் என் கணக்கு இதுதான்: நமக்கு அடக்கம் ஆகிற விலைக்குக் கீழே போகக் கூடாது. கீழே போனால் அது சலுகையாகத் தெரியாது, "உங்கள் தப்பை மறைக்கத்தானே பாதி விலைக்குத் தருகிறீர்கள்" என்று ஆகிவிடும். ஊரில் அடுத்த மோட்டார் எரிகிறவரும் அதே விலையைக் கேட்பார். அதே போல பேருக்கு ஐந்து சதவீதம் கொடுப்பதும் வீண், கடையில் பேரம் பேசினாலே அது கிடைக்கும்.

கடிதம்

போனில் சொன்ன எல்லாவற்றையும் தாளிலும் அனுப்பினோம், படங்களோடு. பெயர், நம்பர்களை எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்:

> ஐயா அவர்களுக்கு, வணக்கம்.
>
> தாங்கள் வாரண்டி கேட்டு அனுப்பிய 5 எச்.பி. மோட்டாரைத் தங்கள் உறவினர் முன்னிலையில் பிரித்துப் பார்த்தோம். இதற்கு வாரண்டியில் புது மோட்டாரோ இலவச ரிப்பேரோ எங்களால் தர இயலவில்லை. காரணம் கீழே.
>
> மோட்டாரில் மூன்று ஃபேஸ் காயில்களில் இரண்டு முழுதும் கருகியுள்ளன, ஒன்று நல்ல நிலையில் உள்ளது (படம் 1, 2). ஒரு ஃபேஸ் இல்லாமல் மோட்டார் ஓடினால்தான் இப்படி ஆகும். தங்கள் ஸ்டார்ட்டரில் பிரிவென்டர் வயரால் இணைக்கப்பட்டு வேலை செய்யாமல் இருந்தது (படம் 3). ரிலே 9-க்குப் பதில் 14 ஆம்பியரில் இருந்தது (படம் 4). இவை இரண்டும் சரியாக இருந்திருந்தால் மோட்டார் எரிவதற்கு முன்பே நின்றிருக்கும்.
>
> காயிலில் எங்கள் தயாரிப்புக் குறை இருந்திருந்தால் ஒரே இடத்தில் மட்டும் துளைத்து எரிந்திருக்கும். அப்படி ஓர் இடமும் காணப்படவில்லை. பம்ப், பேரிங், ரோட்டர் ஆகியவை நல்ல நிலையில் உள்ளன. மோட்டார் இதற்கு முன் வேறு எங்கும் பிரிக்கப்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.
>
> தாங்கள் விரும்பினால்: (அ) காயில் புதிதாகச் சுற்றித் தர 9,200 ரூபாய், ஆறு மாத உத்தரவாதம். (ஆ) புது மோட்டார் 24,000 ரூபாய்க்குப் பதில் 19,200 ரூபாய், ஒரு வருட வாரண்டி. இரண்டுக்கும் தூக்கி இறக்கும் கூலியைக் கடைக்காரர் ஏற்கிறார். இந்த விலை 30 நாட்கள் வரை.
>
> இரண்டும் வேண்டாம் என்றால் மோட்டாரை இருக்கும் நிலையிலேயே கட்டணம் இல்லாமல் திருப்பி அனுப்புவோம். அதுவரை ஸ்டேட்டர் சீல் வைத்து எங்களிடம் இருக்கும். வேறு யாரையாவது வைத்துப் பார்க்க விரும்பினால் முன்கூட்டிச் சொல்லுங்கள், திறந்து காட்டுகிறோம்.

இந்தக் கடிதத்தில் "தாங்கள் தவறாகப் பயன்படுத்தியதால்" என்ற வரி எங்கேயும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பிரிவென்டர் எந்த நிலையில் இருந்தது என்று இருக்கிறது, யார் அப்படிச் செய்தார் என்று இல்லை, ஏனென்றால் அது எங்களுக்குத் தெரியாது. முடியாது என்பதை ரெண்டாவது வரியிலேயே சொல்லியாயிற்று. ஒரு பக்கம் விளக்கம் எழுதி அடியில் மறுத்தால், படிக்கிறவர் கடைசி வரைக்கும் ஏதோ கிடைக்கும் என்று நம்பிக்கொண்டே வருவார். தயாரிப்புக் குறை என்றால் எப்படி இருந்திருக்கும் என்ற பத்தியை எங்கள் மேனேஜர் எடுக்கச் சொன்னார், நாமே எடுத்துக்கொடுக்கிற மாதிரி இருக்கிறதாம். நான் விடவில்லை. அதை வைத்துத்தான் பெரியவரோ அவர் கூட்டி வருகிறவரோ எங்களைச் சோதிக்க முடியும், சோதிக்க முடியாத மறுப்பை யாரும் ஏற்க மாட்டார்கள்.

ரிப்பேரையோ புது மோட்டாரையோ எடுத்துக்கொண்டால் இனிமேல் புகார் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நாங்கள் வாங்கவில்லை. சலுகை தருவதையும் வாய் மூடச் சொல்வதையும் ஒரே தாளில் போட்டால், முதலாவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

சீல் வைத்து 30 நாள் வைத்திருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. தோப்புக்காரர் பிழைப்புக்காகத் தானே உழைக்கிற விவசாயி, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் நுகர்வோர்தான். மாவட்ட ஆணையத்தில் இந்த அளவுத் தொகைக்குக் கட்டணமே இல்லை, ரெண்டு வருஷத்துக்குள் போகலாம். பொருளைச் சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கோயம்புத்தூரிலேயே பம்ப் சோதிக்க சிட்டார்க் இருக்கிறது. அப்படி ஒரு நிலை வந்தால் கருகின ஸ்டேட்டர்தான் எங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி. அவசரப்பட்டு அறுத்துச் செம்பை எடைக்குப் போட்டுவிட்டால் நாம் சொன்னது வெறும் பேச்சாகிவிடும். விதிவிலக்கைக் காட்டி மறுக்கிறது நாம் என்பதால், அதை நிரூபிக்கிற பொறுப்பும் நம்மிடம்தான் வரும்.

அதற்கப்புறம்

பெரியவர் கடிதம் கிடைத்ததும் போன் செய்து நன்றாகத் திட்டினார். கோர்ட்டுக்குப் போவேன் என்றார். "போகலாமுங்க ஐயா, அது உங்க உரிமை. ஸ்டேட்டரை அப்படியே வெச்சிருக்கறமுங்க" என்றேன். அந்தச் சமயத்தில் விளக்கத்தை மறுபடி ஆரம்பித்தால் சண்டைதான் வளரும், அதனால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் செய்தது புத்திசாலித்தனமான காரியம். ஊரில் முப்பது வருஷமாக ஒயின்டிங் கட்டுகிற ஒருவரை அழைத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். சீலை அவர் முன்னாலேயே உடைத்தோம். ஒயின்டிங்காரர் எங்கள் அறிக்கையைக் கையில்கூட வாங்கவில்லை. ஸ்டேட்டரை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, பெரியவரைப் பார்த்து "ரெண்டு பேஸ்ல ஓட்டினீங்களாக்கும்?" என்றார். பெரியவர் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பி, "சரி, எதை எடுத்தா எனக்கு லாபம்?" என்று கேட்டார்.

கம்பெனிக்கு லாபம் புது மோட்டார் விற்பதுதான். ஆனால் இவருடைய மோட்டாரில் காயிலைத் தவிர எல்லாம் நன்றாக இருந்ததால் சுற்றிக்கொள்வதே போதும் என்று சொன்னேன். பேரிங் தேய்ந்து ரோட்டரும் அடிபட்டிருந்தால் 9,200-ஐப் போட்டு ஆறு மாதம் ஓட்டுவதைவிட 19,200 போடுவது மேல். இதில் அந்தப் பிரச்சினை இல்லை. ஒயின்டிங்காரர் ஊரில் 7,500-க்கே கட்டித் தருவதாகச் சொன்னார், எங்கள் முன்னாலேயே. அதையும் மறுக்கவில்லை. கம்பி என்ன கனம், எத்தனை சுற்று என்ற விவரத்தைத் தருகிறேன், ஆனால் அதற்கு எங்கள் உத்தரவாதம் வராது என்றேன். கடைசியில் எங்களிடமே விட்டுப் போனார். டெஸ்டிங் தொட்டியில் ஓட்டிப் பார்த்துத் தருகிறோம் என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

காசு கொடுக்கும்போது கேட்டார்: "அப்ப ராத்திரிக்குத் தண்ணிக்கு நான் என்னதானுங்க பண்றது?" நியாயமான கேள்வி, வாரண்டி கார்டில் இதற்குப் பதில் கிடையாது. மூன்று ஃபேஸ் வந்தவுடன் தானாக ஓடி, ஒன்று போனால் நிற்கிற ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு, வருகிற நேரத்தை முழுசாகப் பிடித்துத் தொட்டியில் ஏற்றி, தொட்டியிலிருந்து சொட்டுநீருக்கு விடச் சொன்னேன். தொட்டி சின்னது என்றார். அது எங்களால் தீர்க்க முடியாதது. மறுபடியும் கண்டன்சர் போட்டால் இந்த ஆறு மாத உத்தரவாதமும் வராது என்பதை ரசீதிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினோம்.

மோட்டார் இறங்கின அன்று எங்கள் ஆளும் போனார். துண்டு வயர் எடுக்கப்பட்டது, கண்டன்சர் ரெண்டும் கழற்றப்பட்டது, ரிலே 9-க்கு வந்தது. ஒரு ஃபேஸ் ஃபியூஸை உருவிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்த்ததில் பிரிவென்டர் விடவில்லை. ஃபியூஸைப் போட்டு ஓட்டியதும் மூன்று ஃபேஸிலும் 8.6, 8.8, 8.7 ஆம்பியர். அதைத் தேதியோடு பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவிட்டு வந்தார். கடைக்காரர் 6,000 ரூபாயைக் கொடுத்துவிட்டார், ஃபிட்டரிடம் அதைப் பிடித்தாரா என்று கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.